மத்தியானத்துக்குப் பிறகு மந்தமாகும் லப்டொப்: சூடா, நினைவகமா?

திருகோணமலை என்.சி. வீதிப் பக்கத்தில் ஒரு வீடியோ ஸ்டூடியோ. கல்யாணம், பூப்புனித நீராட்டு விழா, கோயில் திருவிழா என்று எடுக்கும் எல்லாவற்றையும் அங்கேயே எடிட் பண்ணிக் கொடுக்கிறார்கள். அந்த வேலை முழுவதும் ஒரே லப்டொப்பில்தான் நடக்கிறது. காலையில் நன்றாக ஓடும். கடை திறந்து ஒரு மணித்தியாலம் போவதற்குள் இழுக்கத் தொடங்கும். பின்னேரம் ஆனால் மவுசை நகர்த்துவதே பாடாகிவிடும்.

"றீஸ்டார்ட் பண்ணினா சரியாகுது தம்பி. கொஞ்ச நேரத்தில திரும்பவும் அதே கதைதான்" என்றார் உரிமையாளர். ஒரு கடையில் கேட்டதற்கு ரேம் போதாது, இன்னும் 8 ஜிபி போடுங்கள் என்றிருக்கிறார்கள். இன்னொருவர் செயலி பழசாகிவிட்டது, புது மெஷின் வாங்குங்கள் என்றிருக்கிறார். இரண்டுக்கும் காசு வேண்டும். ஆனால் இருவருமே எதையும் அளந்து பார்க்கவில்லை.

மெஷின் இதுதான்: 8ஆம் தலைமுறை ஐ5 செயலி, 4 கோர், அடிப்படை வேகம் 1.6 கிகாஹேர்ட்ஸ், 15 வாட் வகை. 8 ஜிபி நினைவகம், எஸ்எஸ்டி, விண்டோஸ் 10. வாங்கியதிலிருந்து ஒருமுறைகூடத் திறக்கப்படவில்லை. ஸ்டூடியோ மேல்மாடியில், சீற் கூரைக்குக் கீழே இருக்கிறது. வேலை குவியும் ஆனி, ஆவணிக் கல்யாண மாதங்களில் இங்கே கச்சான் என்ற வெக்கைக் காற்று வீசும். அந்த நாட்களில் காலையில் 28 பாகையில் இருக்கும் அறை மத்தியானத்தில் 36 பாகைக்கு வந்துவிடும்.

றீஸ்டார்ட் எதையும் சொல்வதில்லை

நீண்ட நேரம் பாவிக்கும்போது ஒரு கணினி மந்தமாவதற்கு முக்கியமான காரணங்கள் இரண்டு. முதலாவது சூடு. செயலியின் வெப்பநிலை அதன் எல்லையைத் தொட்டதும் அது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். இந்தச் செயலிக்கு அந்த எல்லை 100 பாகை செல்சியஸ். தயாரிப்பாளர்கள் பலர் லப்டொப்பில் அதைவிடச் சில பாகை கீழேயே வைத்துவிடுவார்கள். இரண்டாவது நினைவக நெருக்கடி. திறந்திருக்கும் புரோகிராம்கள் கேட்பது கையிலுள்ள ரேமை விடக் கூடிப்போனால், விண்டோஸ் ஒரு பகுதியை எஸ்எஸ்டியில் உள்ள பேஜ் ஃபைலுக்குத் தள்ளிவிட்டு, தேவைப்படும்போது திரும்ப எடுத்து வரும். அந்தப் போக்குவரத்து முடியும்வரை வேலை காத்திருக்க வேண்டும்.

உட்கார்ந்திருப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். நேரம் போகப்போக மந்தம், றீஸ்டார்ட் பண்ணினால் குணம். ஆனால் றீஸ்டார்ட் பண்ணும்போது இரண்டு காரியங்கள் சேர்ந்தே நடக்கின்றன. நினைவகம் முழுவதும் காலியாகிறது. கூடவே, எடிட்டிங் புரோகிராமைத் திரும்பத் திறந்து வேலையைத் தொடங்கும்வரை செயலிக்கு ஆறுவதற்குச் சில நிமிடம் கிடைக்கிறது. நோய் எதுவாக இருந்தாலும் மருந்து வேலை செய்ததுபோலத் தெரியும். இந்த ஸ்டூடியோவில் எல்லோரும் குழம்பியது இந்த இடத்தில்தான். "றீஸ்டார்ட் பண்ணினால் சரியாகிறது, ஆகவே ரேம்தான்" என்ற முடிவுக்கு அதில் எந்த ஆதாரமும் இல்லை.

இரண்டையும் பிரிக்க வேண்டுமென்றால் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே சில எண்களைப் பதிய வேண்டும். பிறகு, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும்.

எதைப் பதிவது

விண்டோஸில் எதையும் புதிதாகப் போடத் தேவையில்லை. `typeperf` என்ற கட்டளை ஏற்கெனவே இருக்கிறது. `C:\log` என்று ஒரு ஃபோல்டர் உருவாக்கி, `c.txt` என்ற கோப்பில், விண்டோஸ் அளந்து தரும் ஐந்து எண்ணிகளின் பெயர்களை வரிக்கு ஒன்றாக எழுதினேன்:

```
\Processor Information(_Total)\% Processor Time
\Processor Information(_Total)\% Processor Performance
\Memory\Available MBytes
\Memory\Pages Input/sec
\Memory\Committed Bytes
```

பிறகு கட்டளைச் சாளரத்தில்:

```
typeperf -cf C:\log\c.txt -si 10 -f CSV -o C:\log\n1.csv -y
```

10 வினாடிக்கு ஒருமுறை ஒரு வரி எழுதப்படும். நிறுத்த `Ctrl+C`. வரும் கோப்பை எக்செலில் திறக்கலாம். இந்தப் பதிவு மெஷினுக்குச் சுமையே அல்ல. நாள் முழுக்க ஓடவிட்டாலும் எடிட்டிங்கைப் பாதிக்காது. எண்ணிகளின் பெயர்களைத் தனிக் கோப்பில் வைப்பதற்கு ஒரு காரணம் உண்டு. கட்டளையை ஒரு `.bat` கோப்பில் போட்டால் `%` குறி ஒவ்வொன்றையும் இரட்டிப்பாக எழுத வேண்டும். அதை மறந்தால் எண்ணி கிடைக்கவில்லை என்று பிழை வரும்.

ஐந்தில் முதல் இரண்டையும் சேர்த்துத்தான் வாசிக்க வேண்டும். `% Processor Time` செயலி எவ்வளவு நேரம் வேலையில் இருந்தது என்று சொல்கிறது. `% Processor Performance` வேலையில் இருந்தபோது என்ன வேகத்தில் ஓடியது என்று சொல்கிறது. 100 என்றால் அடிப்படை வேகம், அதாவது இந்த மெஷினில் 1.6 கிகாஹேர்ட்ஸ். டர்போவில் ஓடும்போது 100ஐத் தாண்டும், 150 என்றால் 2.4 கிகாஹேர்ட்ஸ். இரண்டாவது எண் குறைந்ததைக் கண்டதும் சூடு என்று சொல்லிவிடக் கூடாது. சும்மா இருக்கும் செயலி மின்சாரத்தை மிச்சம் பிடிக்க வேகத்தை இறக்கி வைத்திருக்கும், அப்போதும் இந்த எண் தாழ்ந்துதான் தெரியும். முதல் எண் 90க்கு மேலே இருக்கும் வரிகளில் மட்டும் இரண்டாவதைப் பார்த்தால் குழப்பம் இல்லை.

மற்ற மூன்றும் நினைவகத்துக்கு. `Available MBytes` உடனே கொடுக்கக்கூடிய நினைவகம். `Pages Input/sec` வினாடிக்கு எத்தனை பக்கங்கள் டிஸ்கில் இருந்து திரும்ப எடுக்கப்பட்டன என்ற கணக்கு. ஒரு பக்கம் 4 கிலோபைட். `Committed Bytes` எல்லாப் புரோகிராம்களும் சேர்ந்து கேட்டு வாங்கிவைத்திருக்கும் மொத்தம்.

வெப்பநிலையை விண்டோஸ் நேராகக் காட்டாது. `Thermal Zone Information` என்று ஒரு எண்ணி இருக்கிறது. பல மெஷின்களில் அது நகராமல் ஒரே எண்ணைக் காட்டிக்கொண்டிருக்கும். அதனால் HWiNFO என்ற இலவசக் கருவியை ஒரு ஓரத்தில் திறந்து வைத்தேன். வெப்பநிலையோடு, வேகக் குறைப்புச் சூட்டினாலா மின் வரம்பினாலா என்பதையும் அது தனித்தனியாக ஆம், இல்லை என்று காட்டும்.

எண்கள் மட்டும் போதாது, ஒரு அளவுகோலும் வேண்டும். "மந்தம்" என்பது ஆளுக்கு ஆள் மாறும். ஆகவே ஒரு கல்யாண வீடியோவில் இருந்து ஒரு நிமிடத் துண்டை வெட்டித் தனி புரொஜெக்டாக வைத்தோம். அதை எப்போதும் அதே அமைப்பில், செயலியை மட்டும் பாவித்து ஏற்றுமதி செய்து, எடுக்கும் நேரத்தைக் குறித்துக்கொள்வது என்று ஏற்பாடு. எடிட் பண்ணும் தம்பியின் அன்றாட வேலைக்கு இடையில் அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை இந்தத் துண்டை ஓட்ட வேண்டும்.

முதல் பதிவு

பதிவின் நடுநடுவே, அளவுகோல் துண்டு ஓடிக்கொண்டிருந்த வரிகள் சில. நேரம், செயலியின் வேலை, வேகம், மீதி நினைவகம், பக்கங்கள் என்ற வரிசையில் இருக்கின்றன:

```
09:05   98   150   3390      4
09:35   99   104   2870     11
10:05   99    63   2310      6
10:35   99    62   1850      9
```

காலை 9.05க்குத் துண்டு முடிய 2 நிமிடம் 10 வினாடி எடுத்தது. 10.35க்கு 5 நிமிடம் 15 வினாடி. அந்த நேரத்தில் வெப்பநிலை 97இல் ஒட்டிக்கொண்டு நின்றது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை.

நினைவகப் பக்கம் பாருங்கள். 1850 மெகாபைட் இன்னும் கையில் இருக்கிறது, டிஸ்கில் இருந்து எடுக்கப்படும் பக்கங்கள் பத்துச் சொச்சத்தைத் தாண்டவில்லை. நினைவகம் குறைந்துகொண்டு வருவது உண்மை. ஆனால் அதனால் யாரும் இன்னும் காத்திருக்கவில்லை. குறைவது வேறு, நெருக்கடி வேறு.

அடுத்து நான் போட்ட கணக்கைத்தான் இந்த ஆய்வின் முக்கியமான அடியாக நினைக்கிறேன். வேகம் 150இல் இருந்து 62க்கு இறங்கியிருக்கிறது. 150ஐ 62ஆல் வகுத்தால் 2.4 மடங்கு. துண்டு எடுத்த நேரம் 130 வினாடியில் இருந்து 315 வினாடிக்குப் போயிருக்கிறது. அதுவும் 2.4 மடங்குதான். வேலை நீண்ட அளவும் வேகம் விழுந்த அளவும் பொருந்தினால், இன்னொரு காரணத்துக்கு அங்கே இடமே இல்லை. வேகம் 2.4 மடங்கு விழுந்து, நேரம் 5 மடங்கு கூடியிருந்தால் வேறெதுவோ சேர்ந்து இழுக்கிறது என்று தேடியிருப்பேன்.

ரேம் போடச் சொன்ன கடைக்காரரையும் பிழை சொல்ல முடியாது. விண்டோஸ் 10இன் Task Manager காட்டும் சீபீயூ சதவீதம், வேலை நேரத்தையும் வேகத்தையும் சேர்த்துப் பெருக்கிய ஒரு எண். செயலி 99 சதவீத நேரமும் மூச்சுவிடாமல் வேலை செய்தாலும், வேகம் 62க்கு இறங்கியிருந்தால் Task Manager ஏறக்குறைய 61 என்றுதான் காட்டும். பார்ப்பவர் "செயலிக்கு இன்னும் நாற்பது சதவீதம் மிச்சம் இருக்கிறது, பிறகேன் இழுக்கிறது? ரேம்தான் போதாது" என்று முடிவெடுப்பது இயல்பு. உண்மையில் அந்த நாற்பதை எடுத்துக்கொண்டது சூடு. Task Manager ஒரு எண்ணில் ஏறாமல் அப்படியே நின்றுகொண்டு, வேலையும் நகராமல் இருந்தால், இந்த இரண்டு எண்ணிகளையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

கணக்கு பொருந்தினாலும், கையால் ஒன்றை மாற்றி உறுதிப்படுத்தாமல் மெஷினைக் கழற்ற எனக்கு மனம் வராது. முதலில், மந்தமாக இருந்த நிலையிலேயே பிரவுசரையும் வாட்ஸ்அப்பையும் மூடினோம். மீதி நினைவகம் 3 ஜிபிக்கு மேல் ஏறியது. துண்டு எடுத்த நேரம் மாறவே இல்லை. அடுத்து, எல்லாவற்றையும் திரும்பத் திறந்து வைத்துவிட்டு, லப்டொப்பின் பின்பக்கத்தை இரண்டு அல்பத்தின் மேல் உயர்த்தி, மேசை ஃபானை அதன் அடிப்பக்கத்துக்குத் திருப்பினோம். பத்து நிமிடத்துக்குள் வேகம் 62இல் இருந்து 88க்கு வந்தது. எதையும் மூடவில்லை, றீஸ்டார்ட் பண்ணவில்லை, காற்று மட்டும்தான் மாறியது. விண்டோஸின் Event Viewerஇலும் Kernel-Processor-Power என்ற மூலத்தில் 37 என்ற எண்ணுடன் பதிவுகள் வரிசையாக இருந்தன. ஃபேர்ம்வெயர் செயலியின் வேகத்தைக் கட்டுப்படுத்தியிருக்கிறது என்று அவை சொல்கின்றன. காரணம் சூடா மின்சாரமா என்று அந்தப் பதிவு சொல்லாது, ஆகவே அதைத் துணைச் சாட்சியாக மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கச்சான் எவ்வளவு, தூசி எவ்வளவு

உரிமையாளர் இதைக் கேட்டதும் ஏசி பூட்டுவதைப் பற்றித்தான் யோசித்தார். அதற்கும் ஒரு சிறு கணக்குப் போதும்.

செயலியின் சூட்டை வாங்கி வெளியே விடும் உலோகப் பாகம்தான் ஹீட்சிங்க். அது வெளியேற்றக்கூடிய வெப்பம், செயலிக்கும் அறைக்கும் உள்ள வெப்பநிலை வித்தியாசத்தைப் பொறுத்தது. இந்த மெஷினில் செயலி வேகத்தைக் குறைக்கும் எல்லை 97. அறை 28 பாகையில் இருக்கும்போது வித்தியாசம் 69. அறை 36க்கு ஏறினால் 61. அதாவது கச்சான் வெக்கை தின்பது வெளியேற்றும் திறனில் ஏறக்குறைய 12 சதவீதம். வேகம் இரண்டரை மடங்கு விழுவதற்கு அது காணவே காணாது. அதோடு, பதிவில் வேகம் விழுந்தது 10 மணிக்கு முன்னரே, அறை முழுச் சூட்டுக்கு வருவதற்கு முதலே. ஏசி பூட்டியிருந்தால் சிறிது குணம் தெரிந்திருக்கும். அந்தச் சிறிய குணத்தை நம்பி உள்ளே இருக்கும் அடைப்பை இன்னும் ஒரு வருடம் விட்டிருப்பார்கள்.

அடிமூடியைக் கழற்றியபோது ஃபானுக்கும் ஹீட்சிங்கின் செப்புத் தகடுகளுக்கும் நடுவில் தூசி ஒரு துணிபோலப் படிந்திருந்தது. வெளியில் இருந்து பார்த்தால் காற்று வரும் ஓட்டை சுத்தமாகவே தெரியும், ஏனென்றால் படிவது உள்பக்கத்தில். கடற்கரை ஊரில் இது இன்னும் மோசம். உப்பும் ஈரமும் சேர்ந்த காற்றில் தூசி உதிராமல் ஒட்டிக்கொள்கிறது. புளோவரால் வெளியில் இருந்து ஊதினால் அது திரும்ப ஃபானுக்குள்தான் போகும். ஃபானின் இரண்டு திருகாணியைக் கழற்றித் தூக்கிவிட்டு, மென்மையான தூரிகையால் துடைத்தெடுக்க வேண்டும். ஊதத்தான் வேண்டுமென்றால் ஃபான் சுழலாமல் விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும், அதிவேகத்தில் சுழன்றால் அதன் பெயாரிங் கெட்டுவிடும். செயலியின் மேலிருந்த வெப்பப் பசை காய்ந்து பொருக்காகியிருந்தது. அதைச் சுரண்டாமல் ஐசோபுரொப்பைல் அல்ககோலால் துடைத்து, புதிதாகச் சிறிது வைத்து, ஹீட்சிங்கின் திருகாணிகளை அதில் பொறித்திருந்த எண் வரிசைப்படி இறுக்கினேன்.

பிறகு அதே துண்டு, அதே பதிவு. தொடங்கியதும் வேகம் 150க்கு மேல் போய், இரண்டு, மூன்று நிமிடத்தில் 137க்கு இறங்கி அங்கேயே நின்றது. இந்த இறக்கத்தைச் சூடு என்று எடுக்கக் கூடாது. இவ்வகைச் செயலிகள் தொடக்கத்தில் கொஞ்ச நேரம் 15 வாட்டுக்கு மேல் எடுத்துக்கொள்ள அனுமதி உண்டு. அந்த அவகாசம் முடிந்ததும் 15 வாட்டுக்குள் அடங்கிவிடும். HWiNFOஇல் மின் வரம்பு ஆம் என்றும் சூட்டுக் குறைப்பு இல்லை என்றும் இருந்தது. வெப்பநிலை 84. மணிக்கணக்கில் ஓட்டியும் 137இல் இருந்து அசையவில்லை. துண்டு 2 நிமிடம் 22 வினாடியில் முடிந்தது. 15 வாட் மெஷினில் நீண்ட வேலைக்கு எதிர்பார்க்க வேண்டிய உண்மையான வேகம் இதுதான்.

பின்னேரத்து மந்தம் போகவில்லை

இதோடு முடிந்தது என்றுதான் ஸ்டூடியோவில் நினைத்தார்கள். காலைப் பொழுது முழுவதும் பிரச்சினையே இல்லை. ஆனால் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தை ஒட்டி எடிட் பண்ணும் தம்பி கோல் எடுத்தார். "அண்ணா, திரும்ப இழுக்குது. ஆனா இது வேற மாதிரி. ஃபான் சத்தமே இல்ல."

ஃபான் சத்தம் இல்லை என்று அவர் கவனித்தது பெரிய விசயம். பதிவு ஓடிக்கொண்டுதான் இருந்தது:

```
09:10   98   138   3410      5
10:40   99   137   1760     12
11:40   97   137    690     85
12:20   46   139    180   2600
```

12.20க்குத் துண்டு எடுத்த நேரம் 4 நிமிடம் 50 வினாடி. மந்தம் முன்பு கண்ட அளவுக்கு வந்துவிட்டது. ஆனால் எண்கள் முன்பிருந்ததற்கு நேர் எதிர். வேகம் 139இல் அப்படியே இருக்கிறது. செயலியின் வேலை நேரம் 99இல் இருந்து 46க்கு விழுந்திருக்கிறது, ஏனென்றால் அது தரவுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது. வினாடிக்கு 2600 பக்கங்கள் டிஸ்கில் இருந்து வருகின்றன, அதுவும் நிமிடக்கணக்கில் விடாமல். வெப்பநிலை 84இல் இருந்து 68க்கு இறங்கியிருந்தது.

வெப்பநிலை இறங்கியதை நான் மிகவும் நம்பகமான அடையாளமாக வைத்திருக்கிறேன். சூட்டினால் மந்தமாகும் மெஷின் எல்லையில் ஒட்டிக்கொண்டு கொதிக்கும். நினைவகத்துக்காகக் காத்திருக்கும் மெஷின் ஆறும். கருவி எதுவும் இல்லாதவர்கூட கையை அடிப்பக்கத்தில் வைத்து, ஃபான் சத்தத்தைக் கேட்டு, பாதி விடையைப் பெற்றுவிடலாம்.

நேரத்தின் ஓட்டமும் வித்தியாசம் காட்டுகிறது. லப்டொப் ஒன்று முழுச் சுமையில் ஓடினால் அரை மணித்தியாலம், ஒரு மணித்தியாலத்துக்குள் அதன் சூடு ஒரு நிலைக்கு வந்துவிடும். அதற்குப் பிறகு மூன்றாவது மணித்தியாலத்தில் திடீரென்று புதிதாகச் சூடேறுவதற்குக் காரணம் இல்லை, அறையே மாறினால் ஒழிய. நினைவகம் அப்படியல்ல. மணிக்கணக்கில் ஒரே சரிவில் குறைந்துகொண்டே வரும், வெளியில் எதுவும் தெரியாது, அடியைத் தொட்டதும் ஒரேயடியாக விழும். 10.40க்கும் 11.40க்கும் இடையில் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. 12.20க்கு மெஷின் உட்கார்ந்துவிட்டது.

2600 பக்கங்கள் என்றால் வினாடிக்கு ஏறக்குறைய 10 மெகாபைட்தான். எஸ்எஸ்டி அதைவிடப் பல மடங்கு வேகமாக வாசிக்குமே என்று கேட்கலாம். பெரிய கோப்பு ஒன்றைத் தொடர்ச்சியாக வாசிக்கும்போதுதான் அந்த வேகம். இங்கே 4 கிலோபைட் துண்டுகளாக டிஸ்கின் பல மூலைகளில் இருந்து எடுக்க வேண்டியிருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் புரோகிராம் நின்று காத்திருக்கிறது. ஆகவே மெகாபைட் கணக்கு சிறிதாகத் தெரிந்தாலும் காத்திருப்பு பெரிது.

இந்த எண்ணியைத் தனியாக நம்பக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு புரோகிராமைத் திறக்கும்போதும் பெரிய வீடியோக் கோப்பைத் திறக்கும்போதும் `Pages Input/sec` சில வினாடி ஆயிரங்களுக்குத் தாவும். அது நெருக்கடி அல்ல. நிமிடக்கணக்கில் உயர்ந்தே இருக்க வேண்டும், அதே வரிகளில் மீதி நினைவகமும் சில நூறு மெகாபைட்டுக்குள் இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் நெருக்கடி.

யார் வைத்திருப்பது

இப்போது எந்தப் புரோகிராம் என்று தேட வேண்டும். Task Manager திறந்ததும் தெரியும் Memory நிரலைப் பார்த்தால் ஏமாந்துபோவோம். அது ஒரு புரோகிராம் அந்தக் கணத்தில் ரேமில் வைத்திருப்பதை மட்டும்தான் காட்டுகிறது. நெருக்கடி வந்ததும் விண்டோஸ் எல்லோரிடமிருந்தும் பிடுங்கி பேஜ் ஃபைலுக்கு அனுப்பிவிடும், ஆகவே அதிகமாக வாங்கிவைத்திருக்கும் புரோகிராமே அங்கே இளைத்துத் தெரியலாம். Details பக்கத்துக்குப் போய், நிரல் தலைப்பில் வலது கிளிக் செய்து, Select columns வழியாக Commit size என்பதைச் சேர்க்க வேண்டும். கேட்டு வாங்கிய முழு அளவும் அதில்தான் இருக்கும்.

அந்த நேரத்தில் எடிட்டிங் புரோகிராம் Memory நிரலில் 2.7 ஜிபி, Commit sizeஇல் 6.1 ஜிபி. பிரவுசரின் எல்லாத் தாவல்களும் சேர்ந்து 2 ஜிபி சொச்சம். காலையில் எடிட்டிங் புரோகிராம் 1.5 ஜிபியில்தான் தொடங்கியது. சடங்கு ஒன்றுக்கு ஒரு சீக்குவென்ஸ் என்று திறந்துகொண்டே போக, முன்னோட்டப் படங்களுக்காக வாங்கியதைத் திருப்பிக் கொடுக்காமல் வைத்துக்கொள்கிறது.

இங்கேயும் ஒன்றை மட்டும் மாற்றிச் சோதித்தோம். மேசை ஃபானை லப்டொப்புக்குத் திருப்பினோம், வெப்பநிலை இன்னும் இறங்கியது, துண்டு எடுத்த நேரம் மாறவில்லை. பிறகு ஃபானைத் திருப்பிவிட்டு, எடிட்டிங் புரோகிராமை மட்டும் சேமித்து மூடி உடனே திறந்தோம். இளைப்பாற நேரம் கொடுக்கவில்லை, றீஸ்டார்ட் இல்லை. துண்டு 2 நிமிடம் 25 வினாடிக்குத் திரும்பியது.

ஆக, ரேம் போடச் சொன்னதும் வீண் பேச்சல்ல. ஆனால் முதலில் போட்டிருந்தால் காலை மந்தம் அப்படியே இருந்திருக்கும், காசு வீணென்று நினைத்திருப்பார்கள். இப்போது பதிவைக் கொண்டு, போட்டால் என்ன கிடைக்கும் என்று முன்கூட்டியே சொல்ல முடிகிறது. 9.10க்கு 3410 மெகாபைட் இருந்தது, மூன்று மணித்தியாலத்தில் 180க்கு வந்தது. மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய 1 ஜிபி கரைகிறது. 8 ஜிபி கூட்டினால் இன்னும் 7, 8 மணித்தியாலம் கிடைக்கும். மொத்தம் 10, 11 மணித்தியாலம். ஸ்டூடியோவின் வழமையான நாளுக்கு அது போதும். ஆவணியில் இரவிரவாக வேலை செய்யும் நாட்களுக்குப் போதாது, அப்போது அந்தச் சரிவு திரும்பவும் அடியைத் தொடும். புரோகிராம் வாங்கியதைத் திருப்பிக் கொடுக்காதவரை எவ்வளவு ரேம் போட்டாலும் நேரத்தைத் தள்ளிப்போடத்தான் முடியும்.

உரிமையாளர் 8 ஜிபி போட்டார். அதோடு, சாப்பிடப் போகும்போது எடிட்டிங் புரோகிராமைச் சேமித்து மூடிவிட்டுப் போவது என்று தம்பியும் பழக்கமாக்கிக்கொண்டார். புரோகிராமின் அமைப்புகளில் முன்னோட்டத்துக்கான நினைவக வரம்பையும் குறைத்தோம். அதனால் சரிவு சற்று மெதுவானது, நிற்கவில்லை.

இரண்டுமே இல்லாதபோது

இதே பதிவை வேறு மெஷின்களில் ஓட்டும்போது மூன்றாவது ஒரு வடிவமும் வரும். வேலை நேரம் 99, வேகம் 100க்கும் கீழே, நினைவகம் தாராளம், ஆனால் வெப்பநிலை 55, 60 மட்டும்தான். சூடில்லாமல் வேகம் விழுந்தால் முதலில் சார்ஜரைப் பாருங்கள். வாட் குறைந்த சார்ஜரையோ மெஷின் அடையாளம் காணாத மாற்றுச் சார்ஜரையோ செருகினால், பல லப்டொப்புகள் வேகத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். விண்டோஸின் மின் அமைப்பில் செயலியின் உச்ச அளவு 100க்குக் கீழே வைக்கப்பட்டிருந்தாலும் இதே எண்கள் வரலாம். சூட்டைப் பற்றி யாரோ சொன்னதைக் கேட்டு முன்பொருநாள் 50 என்று மாற்றிவிட்டு மறந்திருப்பார்கள்.

நினைவகப் பக்கத்தில் உச்சமான நிலை ஒன்று உண்டு. பேஜ் ஃபைலும் வளர இடமில்லாமல் டிஸ்க் நிறைந்துவிட்டால் மந்தம் என்ற கட்டம் தாண்டிப் புரோகிராம்களே மூடப்படும். அப்போது Event Viewerஇல் Resource-Exhaustion-Detector என்ற மூலத்தில் 2004 என்ற எண்ணுடன் ஒரு பதிவு விழும். அதிகமாக வாங்கிவைத்திருந்த புரோகிராம்களின் பெயர்களும் அளவுகளும் அதிலேயே எழுதப்பட்டிருக்கும், Task Manager திறப்பதற்குள் எல்லாம் மூடிவிட்டாலும் அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

துப்புரவு செய்த பிறகு எடுத்த பதிவும் அந்த ஒரு நிமிடத் துண்டும் ஸ்டூடியோவின் டிஸ்கில் ஒரு ஃபோல்டரில் இருக்கின்றன. அந்தத் துண்டை ஓட்டும்போது வேகம் 137இல் நிற்க வேண்டும். கடற்காற்றும் தூசியும் திரும்பப் படியும், ஆகவே அது 120க்குக் கீழே இறங்கி, வெப்பநிலை 97ஐத் தொட்டுக்கொண்டு நின்றால் அடிமூடியைத் திறக்கச் சொல்லியிருக்கிறேன்.